நாற்பது நிமிட அனிமேஷன் படம், நான்கு அனிமேட்டர்கள்: வேலையைப் பிரித்து அளவெடுப்பது எப்படி?

நாற்பது நிமிடம் என்றால் 2,400 வினாடி. சின்ன ஸ்டுடியோவில் இந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் மற்ற பேச்சு. கீழே ஒரு மாதிரிக் கதையை வைத்தே கணக்குப் போடுவோம்: எட்டு வயதுப் பொன்னி, தேர்த்திருவிழாக் கூட்டத்தில் தாத்தாவைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறாள். 2டி கட்-அவுட் முறை, அதாவது உடலைத் துண்டுகளாக வரைந்து, மூட்டு வைத்து இணைத்து ரிக் செய்து அசைப்பது.

முதலில் அனிமேட்டிக்

ஸ்கிரிப்டை வைத்து அளவெடுக்காதீர்கள். "கூட்டம் தேரை இழுக்கிறது" என்பது ஸ்கிரிப்டில் ஒரு வரி. திரையில் மூன்று நிமிடம். ஸ்டோரிபோர்டைத் தற்காலிகக் குரலோடு கோத்து அனிமேட்டிக் ஆக்கினால்தான் வினாடிகள் தெரியும். அப்புறம் இடமோ நேரமோ மாறும் இடங்களில் வெட்டி, சீக்வென்ஸ்களாகப் பிரியுங்கள். நம் கதைக்கு 14 வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் `SQ07_SH012` மாதிரி ஒரு பெயர் கொடுத்து, எத்தனை வினாடி, யார் யார், எந்தப் பேக்ரவுண்ட் என்று ஷீட்டில் ஏற்றுங்கள்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு தரம்

மூன்று தரம் போதும். நின்று பேசுவது எளிது. நடப்பதும் பொருளை எடுப்பதும் நடுத்தரம். கூட்டம், ஓட்டம், இருவர் கட்டிப்பிடிப்பது எல்லாம் கடினம். ஒரு அனிமேட்டர் வாரத்துக்கு எளிதில் 30 வினாடி, நடுத்தரத்தில் 15, கடினத்தில் 6 முடிப்பதாகக் கொள்வோம். உங்கள் ஆட்களின் வேகம் வேறாக இருக்கும். தரத்துக்கு ஒரு ஷாட் கொடுத்துப் பார்த்து, அந்த எண்ணைப் போடுங்கள்.

டைட்டிலுக்கு 120 வினாடி போக, எளிது 780, நடுத்தரம் 900, கடினம் 600. வகுத்துக் கூட்டினால் 26 + 60 + 100 = 186 வாரம், ஒருவருக்கு. கையில் இருப்பதோ நான்கு பேர், 32 வாரம், ஆக 128. ரீடேக்குக்கு 20 வாரத்தை ஒதுக்கினால் மிச்சம் 108. (அதை ஒதுக்காமல் போட்ட கணக்கு எதுவும் உருப்பட்டு நான் பார்த்ததில்லை.) ஆகவே 78 வார வேலையைக் கழித்தாக வேண்டும். கடினமான 600 வினாடிகளே நூறு வாரத்தை விழுங்குகின்றன. கத்தியை அங்கேதான் வைக்க வேண்டும்.

தேர் சீக்வென்ஸைப் பிரித்துப் பார்ப்போம்

SQ07, 180 வினாடி. முழுக்கக் கூட்டம் என்பதால் முழுக்கக் கடினம்: 30 வாரம். பொன்னியின் உயரத்துக்குக் கேமராவை இறக்கினால் கதையே மாறுகிறது. அவள் கண்ணுக்குத் தெரிவது கால்கள், வேட்டி ஓரம், வடம், உருளும் சக்கரம். கூட்டத்தில் தொலைந்த பயமும் இதில்தான் நன்றாக வரும். இப்போது கடினம் 24 வினாடி, நடுத்தரம் 30, எளிது 96. மீதி 30 வினாடி கோபுரத்தின் மேல் கேமரா நகரும் பேன் ஷாட், அதை லேயர்களைச் சேர்க்கும் காம்பாசிட்டிங்கிலேயே முடிக்கலாம். மொத்தம் ஒன்பது வாரத்துச் சொச்சம்.

முழுக்கூட்டம் தெரியும் அகலமான ஷாட்டுகளுக்கு ஐந்து உடல், மூன்று தலை, நான்கு நிறம் போதும்; அறுபது பேர் கிடைப்பார்கள். எல்லாருக்கும் திரும்பத் திரும்ப ஓடும் ஒரே இழுப்பு அசைவுதான், ஆனால் ஆளுக்கு ஆள் தொடங்கும் ஃபிரேமைத் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் போலீஸ் பரேடு மாதிரி இருக்கும். இன்னொன்று, ஆட்களை இடவலமாகத் திருப்பிப் பயன்படுத்தும்போது இடது தோள் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். நம் ஊர்ப் பார்வையாளர் அதை உடனே பிடித்துவிடுவார். திருப்புவதற்கென்றே முந்தானையைத் தனி லேயராக வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்ரவுண்டும் பொருளும்

ஷீட்டைப் பேக்ரவுண்ட் வாரியாக அடுக்கினால், ஒரே ஷாட்டுக்காக வந்தவை அடியில் தனியாகத் தெரியும். நம் கதையில் காவல் நிலையம் எட்டு வினாடிதான் வருகிறது. அந்தப் பேச்சை ஏற்கெனவே வரைந்த டீக்கடை வாசலுக்கு மாற்றினால் ஒரு முழுப் பேக்ரவுண்ட் மிச்சம். தெருவை லேயராக வரைந்தால், முன்னால் நிற்கும் மரத்தை எடுத்துவிட்டு, நிறத்தை மாற்றி, அதையே காலை, மாலை, இரவு மூன்றுக்கும் ஓட்டலாம்.

எல்லா சீக்வென்ஸையும் இப்படி அலசியபின் அனிமேட்டர் தேவைப்படாதது 300 வினாடி, எளிது 1,380, நடுத்தரம் 600, கடினம் 120. மொத்தம் 106 வாரம். இரண்டு வாரம்தான் இடைவெளி. அந்த 120 வினாடியில் பெரும்பகுதியைத் தாத்தாவைக் கண்டதும் பொன்னி ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் ஷாட்டுகளுக்கு வைத்திருக்கிறேன். அங்கே சிக்கனம் பிடித்தால் படமே போச்சு.

தயாரிப்பு தொடங்கி மூன்றாவது வாரம், ஒப்புதல் ஆன வினாடிகளை மட்டும் எண்ணுங்கள். "முடியப் போகிறது" என்பவை சேராது. கணக்குக்குக் கீழே இருந்தால், இன்னும் கை வைக்காத சீக்வென்ஸ்களில் கடினமான ஷாட்டுகளைத் தேடி இறக்குங்கள். பாதி அனிமேட் செய்ததை வெட்டினால், செலவழித்த வாரம் திரும்பி வராது.