பாட்டில்நெக் மெஷினின் ஒரு மணி நேரத்தை எந்தப் பொருளுக்குக் கொடுப்பது?

தேவையான வேலைக்கு நேரம் போதாமல் மொத்த உற்பத்தியையும் மட்டுப்படுத்தும் மெஷின்தான் பாட்டில்நெக்; முதலில் அது எது என்று உறுதி செய்ய வேண்டும். வாரத்துக்கு வந்திருக்கும் ஆர்டர்கள் அனைத்தையும் முடிக்க ஒவ்வொரு மெஷினுக்கும் எத்தனை மணி நேரம் தேவை என்று கூட்டி, அது உண்மையில் ஓடக்கூடிய நேரத்தோடு ஒப்பிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் கிரைண்டிங் மெஷினுக்கு 50 மணி நேர வேலை இருக்கிறது. கையில் இருப்பதோ 40 மணி நேரம். மற்ற மெஷின்களில் நேரம் மிஞ்சுகிறது, ஆகவே கிரைண்டிங்தான் பாட்டில்நெக்.

அடுத்து, ஒவ்வொரு பொருளின் த்ரூபுட்டைக் கணக்கிடுங்கள். விற்பனை விலையிலிருந்து, ஒன்று கூடுதலாகச் செய்தால் கூடுகிற செலவை மட்டும் கழிக்க வேண்டும். பெரும்பாலும் அது மூலப்பொருள் செலவுதான். வாரச் சம்பளத்தையும் வாடகையையும் இங்கே கழிக்கக் கூடாது, ஏனெனில் எதைச் செய்தாலும் அவை மாறுவதில்லை. ஆனால் ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதாக இருந்தால் அதையும் கழித்துவிட வேண்டும்.

‘அ’ என்ற பொருளின் விலை 1000, மூலப்பொருள் 400, த்ரூபுட் 600. அதற்குக் கிரைண்டிங்கில் 30 நிமிடம் ஆகிறது. ‘ஆ’ என்பதன் விலை 700, மூலப்பொருள் 300, த்ரூபுட் 400. அதற்கு 12 நிமிடம் போதும். பீஸ் கணக்கில் ‘அ’ முந்துகிறது. கிரைண்டிங் மணிக் கணக்கில் பார்த்தால் ‘அ’ 1200 தருகிறது, ‘ஆ’ 2000 தருகிறது, வரிசை தலைகீழாகிவிடுகிறது.

வாரத் தேவை ‘அ’ 60, ‘ஆ’ 100. ‘அ’வை முதலில் முடித்தால் 30 மணி நேரம் போய், மீதி 10 மணி நேரத்தில் ‘ஆ’ 50 மட்டுமே செய்ய முடியும். மொத்த த்ரூபுட் 56,000. ‘ஆ’வை முதலில் முடித்தால் 20 மணி நேரத்தில் நூறும் முடிந்து, மீதியில் ‘அ’ 40 செய்யலாம், மொத்தம் 64,000. வார நடைமுறைச் செலவு 50,000 என்றால், லாபம் 6,000 இருக்க வேண்டிய இடத்தில் 14,000 வருகிறது.

என் அனுபவத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தவறிப்போவது செட்டப் நேரத்தில்தான். ‘ஆ’வுக்கு மெஷினை மாற்றிப் பொருத்த ஒரு மணி நேரம் ஆகிறது, ஆனால் ஐந்து ஐந்தாக மட்டுமே ஓட்டுகிறோம் என்று வையுங்கள், பீஸுக்கு 12 நிமிடம் கூடி 24 நிமிடமாகிறது, மணிக்குக் கிடைப்பது 1000 ஆகக் குறைகிறது. ‘அ’ நீண்ட ஓட்டமாக ஓடினால் இப்போது அதுவே முன்னால் நிற்கும். ஆகவே நிமிடங்களை டிராயிங்கிலிருந்து எடுக்காமல், மெஷின் அருகே நின்று, செட்டப்பையும் சேர்த்து அளந்து எழுதுங்கள்.

வரிசையை முடிவு செய்தபின், புதிய திட்டத்தின்படி மற்ற மெஷின்களின் மணி நேரத்தை மீண்டும் கூட்டிப் பாருங்கள். வேறொரு மெஷின் முன் பீஸ்கள் தேங்கத் தொடங்கினால் பாட்டில்நெக் அங்கே நகர்ந்துவிட்டது; அந்த மெஷினின் நிமிடங்களை வைத்தே கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.