மின்னழுத்தம் கூடினால் கம்பியில் இழப்பு குறைவது எப்படி?

கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்திறன் I²R. அதாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்க வேண்டும். அனுப்பும் திறன் P = VI என்பதால், அதே திறனை அனுப்ப மின்னழுத்தம் V-ஐ 10 மடங்கு கூட்டினால் மின்னோட்டம் I பத்தில் ஒன்றாகிவிடும்.

10 லட்சம் வாட் அனுப்ப வேண்டும், போகவர கம்பியின் மொத்தத் தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். (கணக்கு எளிதாக இருக்க, திறன் காரணி 1.) 10,000 வோல்ட்டில் மின்னோட்டம் 100 ஆம்பியர்; இழப்பு 100 × 100 × 2 = 20,000 வாட். அதையே 1,00,000 வோல்ட்டில் அனுப்பினால் 10 ஆம்பியர்தான். இழப்பு வெறும் 200 வாட். அதே கம்பி, நூறில் ஒரு பங்கு இழப்பு!

சரி, V²/R என்றும் ஒரு சூத்திரம் இருக்கிறதே, அதன்படி இழப்பு கூடத்தானே வேண்டும்? பலரும் தடுக்கி விழும் இடம் இது. அந்த V லைனின் மின்னழுத்தம் அல்ல, கம்பியின் நீளத்தில் குறையும் அழுத்தம் மட்டுமே. இங்கே அது 10 × 2 = 20 வோல்ட். 20 × 20 ÷ 2 போட்டுப் பாருங்கள், அதே 200 வாட் வரும்.

அதற்காக மின்னழுத்தத்தை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. மின்காப்பான்களும் கோபுரங்களும் பெரிதாகும். கம்பியைச் சுற்றியுள்ள காற்றே அயனியாகி, கொரோனா இழப்பு தலைதூக்கும்.