‘போடி’ ஆங்கிலத்தில் ஏன் கோபிக்க மாட்டேன் என்கிறது: அக்கா தம்பி சண்டையை மொழிபெயர்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சிறுகதையில் இப்படி ஒரு துண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்கா கவிக்கு 16 வயது, தம்பிக்கு 14.

“என் சார்ஜர எடுத்தியா?”
“எடுக்கல.”
“எடுத்த.”
“எடுக்கல.”
“மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுடா.”
“ஆமா, இவங்க பெரிய சிஐடியாம்.”
“சீன் போடாத. குடு.”
“போடி.”
உள்ளேயிருந்து அம்மா: “டேய், அக்காவ என்னன்னு சொன்ன?”

முதல் நான்கு வரியிலேயே பலர் வழுக்குகிறார்கள். ‘எடுக்கல’ என்பதை ‘ஐ டிட் நாட் டேக் இட்’ என்று முழு வாக்கியமாக விரிக்கிறார்கள். தமிழில் ஒற்றை வினைச்சொல்லே முழு வாக்கியத்தின் வேலையையும் சுமந்துகொண்டு பந்து மாதிரி போய் வருகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைத் துணைவினை செய்யும். “யூ டுக் இட்.” “டிடின்ட்.” “டிட்.” “டிடின்ட்.” அந்த மொழியில் பிள்ளைகள் சண்டை போடுவதும் இப்படித்தான். வரி நீண்டால் சண்டை நீதிமன்ற விசாரணையாகிவிடும். வாய்விட்டு இரண்டு குரலில் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்கினால் வெட்ட வேண்டும்.

‘சிஐடியாம்’ என்பதில் உள்ள ‘ஆம்’ அடுத்த கண்ணி. ‘அவள் பெரிய துப்பறிவாளி என்று சொல்லிக்கொள்கிறார்கள்’ என்ற பொருளில் மொழிபெயர்த்த வரிகளைப் பார்த்திருக்கிறேன். இலக்கணப்படி ‘ஆம்’ பிறர் சொன்னதைச் சொல்வதுதான். இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை, தம்பி குத்திக்காட்டுகிறான். கூடவே ‘இவங்க’ என்று போலி மரியாதை வேறு. ஆங்கில ‘யூ’வில் மரியாதைப் படிக்கட்டே கிடையாது, அதனால் பட்டம் கொடுத்துத்தான் ஈடுகட்ட முடியும்: “ஓ, ஷெர்லாக் ஹோம்ஸ் இஸ் ஹியர்.”

‘சீன் போடாத’ என்பதில் ஆங்கிலச் சொல்லே இருப்பதால் அப்படியே எடுத்து வைக்கத் தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் ‘மேக்கிங் எ சீன்’ என்றால் நாலு பேர் முன்னால் ரகளை செய்வது. நம் ‘சீன்’ பந்தா காட்டுவது. “ஸ்டாப் ஷோயிங் ஆஃப்” என்பதுதான் பக்கத்தில் வரும். ‘ஓவரா பண்ணாத’ என்பதற்கும் இதே எச்சரிக்கை. தமிழுக்குள் வந்து குடியேறிய ஆங்கிலச் சொல் பழைய பொருளோடு திரும்பிப் போவதில்லை.

உண்மையில் இந்தத் துண்டின் உயிர் ‘போடி’யில் இருக்கிறது. இதை ‘கெட் லாஸ்ட்’ என்று மட்டும் போட்டால் பொருள் சரி, ஆனால் அடுத்த வரியில் அம்மா ஏன் பாய்கிறார் என்று ஆங்கில வாசகருக்கு விளங்காது. அக்கா ‘டா’ போடலாம், தம்பி ‘டி’ போடக்கூடாது என்பதுதான் அங்கே மீறப்பட்ட விதி. ‘டா’வுக்கு ‘டூட்’, ‘டி’க்கு ‘கேர்ள்’ என்று போட்டால் இன்னும் மோசம். வயது வித்தியாசம் மறைந்து, இருவரும் கல்லூரித் தோழர்கள்போல் ஆகிவிடுவார்கள்.

நான் செய்வது இது. மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் கதை முழுவதும் விளிச்சொற்களைப் பென்சிலால் குறிப்பேன்: எங்கே அக்கா, எங்கே பெயர், எங்கே டா, எங்கே வெறும் வினை. இந்தக் கதையில் தம்பி அதுவரை ‘அக்கா’ என்றே கூப்பிட்டு வந்திருந்தால், ஆங்கிலத்திலும் ‘அக்கா’வை முதல் பக்கத்திலிருந்தே அப்படியே வைத்துப் பழக்கிவிடுவேன், விளக்கம் கொடுக்காமல். இந்த இடத்தில் மட்டும் அதைப் பிடுங்கிவிடுவேன்: “கெட் லாஸ்ட், கவி.” உடனே அம்மா: “வாட் டிட் யூ கால் யுவர் அக்கா?” ‘டி’ போய்விட்டது, ஆனால் மீறல் வந்துவிட்டது. அம்மாவின் குரலே விதியைச் சொல்லிவிடுவதால் அடிக்குறிப்பு வேண்டாம்.

எல்லாக் கதைக்கும் இது பொருந்தாது. அக்காவை முதலிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடும் தம்பி என்றால் பிடுங்குவதற்கு எதுவும் இல்லை. அப்போது அவன் சொல்லையே ஒரு படி கடுமையாக்கி, அம்மாவின் வரியை ‘வாட் டிட் யூ ஜஸ்ட் சே டு ஹெர்?’ என்று மாற்றலாம். அண்ணன் தங்கை என்றால் ‘போடி’ அன்றாடச் சொல், அதில் மீறலே இல்லை. வெறும் ‘கெட் லாஸ்ட்’ போதும்.

வசவுகளிலும் எடை பார்க்க வேண்டும். ‘எருமை’யை ‘பஃபலோ’ ஆக்கினால் புரியாமல் போகும், ‘சனியனே’யை ‘டெவில்’ ஆக்கினால் தேவைக்கு மேல் கனக்கும். ஐந்து நிமிடம் கழித்து அதே இருவரும் ஒரே சார்ஜரில் மாறி மாறிப் போன் போடுவார்கள் என்று நம்ப முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் சொல் அதிகம்.