ஐந்து நிலைப் படத்தைக் குமரி மாவட்டத்தில் பொருத்தும்போது எங்கே பிசகுகிறோம்

பிறப்பு வீதமும் இறப்பு வீதமும் காலப்போக்கில் மாறுவதை ஐந்து நிலைகளாகக் காட்டும் மக்கள்தொகை மாற்றக் கோட்பாட்டைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அழகாக வரைந்து கொண்டுவந்தாள். பிறப்பு வீதத்துக்கு நீலக்கோடு, இறப்பு வீதத்துக்குச் சிவப்புக்கோடு. நான்காம் நிலையில் ஒரு புள்ளி வைத்து இப்படி எழுதியிருந்தாள்: "கன்னியாகுமரி மாவட்டம் இங்கே இருக்கிறது. ஆகவே நிலம், நீர், உணவு மீதான அழுத்தம் முடிந்துவிட்டது." புள்ளி வைத்த இடம் சரி. 'ஆகவே' என்ற சொல்தான் தவறு. புவியியல் நடத்தும் எனக்கு இந்த 'ஆகவே' ஆண்டுதோறும் விடைத்தாளில் வருகிறது. பெரியவர்கள் பேச்சிலும் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, முதலில் படத்தைப் போட்டுக்கொள்வோம்.

```
ஒரு கட்டம் = ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 2

நிலை 1  பிறப்பு 40 ████████████████████
        இறப்பு 38 ███████████████████
        இரண்டும் உயரம். தொகை ஏறக்குறைய அப்படியே.

நிலை 2  பிறப்பு 40 ████████████████████
        இறப்பு 20 ██████████
        இறப்பு மட்டும் விழுகிறது. இடைவெளி 20.

நிலை 3  பிறப்பு 22 ███████████
        இறப்பு 10 █████
        பிறப்பும் இறங்குகிறது. இடைவெளி 12.

நிலை 4  பிறப்பு 14 ███████
        இறப்பு  8 ████
        இரண்டும் தாழ்வு. இடைவெளி 6.

நிலை 5  பிறப்பு 10 █████
        இறப்பு 12 ██████
        இறப்பு முந்துகிறது. தொகை சுருங்கத் தொடங்கும்.
```

இந்த எண்கள் படத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. எந்த ஒரு நாட்டுக்கும் உரிய அளவீடு அல்ல. 1929இல் வாரன் தாம்சன் தொடங்கி, 1945இல் ஃபிராங்க் நோட்ஸ்டீன் ஒழுங்குபடுத்திய கோட்பாடு ஐரோப்பாவின் பழைய பதிவுகளைப் பார்த்து எழுந்தது. ஐந்தாம் நிலை பின்னால் சேர்க்கப்பட்டது.

படத்தில் பார்க்க வேண்டியது கோடுகளின் உயரத்தை அல்ல, அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளியை. ஆயிரத்துக்கு 20 என்றால் நூற்றுக்கு 2. இந்தப் பத்தால் வகுக்கும் படியை மறந்து "20 சதவீத வளர்ச்சி" என்று எழுதுகிறவர்கள் நிறைய. ஆண்டுக்கு 2 சதவீதம் தொடர்ந்தால், இரட்டிக்கும் காலத்தைத் தோராயமாகக் காணும் 70 விதிப்படி 70ஐ 2ஆல் வகுத்து, 35 ஆண்டில் தொகை இரட்டிக்கும் என்று சொல்லிவிடலாம். ஆண்டுக்கு 20 சதவீதம் என்றால் நான்கே ஆண்டில் இரட்டிக்க வேண்டும். பிறப்பால் மட்டும் அப்படி எந்த ஊரும் பெருகியதில்லை. விடை சரியா என்று பார்க்க இந்த ஒரு வகுத்தல் போதும்.

இந்தியாவின் 1921ஐ இங்கே ஒட்டுவது

இந்தியாவின் மக்கள்தொகை வரலாற்றில் 1921ஐப் பெரும் பிரிவினை ஆண்டு என்று படிக்கிறோம். 1911இல் 25.2 கோடியாக இருந்தது 1921இல் 25.1 கோடியாகக் குறைந்தது. 1918இன் இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சல் அதில் பெரும் பங்கு வகித்தது. அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. எனவே 1921 வரை முதல் நிலை, அதன்பின் இரண்டாம் நிலை என்று எழுதுகிறோம். நாட்டுக்கு இது பொருந்தும்.

இதே கோட்டைக் குமரிக்கும் இழுப்பதுதான் பிழை. இன்றைய மாவட்டத்துக்கு உட்பட்ட பகுதியில் 1911இல் 4.22 லட்சம் பேர் இருந்தார்கள், 1921இல் 4.94 லட்சம். நாடு சுருங்கிய அதே பத்தாண்டில் இங்கே 17 சதவீதம் ஏற்றம். அதற்கு முந்தைய பத்தாண்டிலும், 3.59 லட்சத்திலிருந்து ஏறியபோது, கிட்டத்தட்ட அதே வேகம்தான். அன்று இது திருவிதாங்கூரின் தென்கோடி. 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யூரில் 1838லேயே மிஷன் மருத்துவப் பணி தொடங்கியிருந்தது. பள்ளிகள் அதற்கும் முன்பே இருந்தன. ஏற்றத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்று என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டாம் நிலை நமக்கு 1921க்காகக் காத்திருக்கவில்லை என்பதைக் கணக்கே காட்டுகிறது. நாட்டின் படமும் மாவட்டத்தின் படமும் ஒரே தேதியில் திரும்பும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மொத்த வளர்ச்சியைப் பிறப்பின் கணக்காக வாசிப்பது

மாவட்டத்தில் 1991இல் 16.00 லட்சம் பேர், 2001இல் 16.76 லட்சம், 2011இல் 18.70 லட்சம். முதல் பத்தாண்டில் 4.7 சதவீத வளர்ச்சி, அடுத்ததில் 11.6 சதவீதம். இதைப் பார்த்ததும் "குமரி நான்காம் நிலைக்குப் போய், மறுபடி மூன்றாம் நிலைக்குத் திரும்பிவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். பிறப்பு கூடிவிட்டதா? அதே கணக்கெடுப்பிலேயே விடை கிடக்கிறது.

2011இல் 0 முதல் 6 வயது வரையிலான குழந்தைகள் 1,82,350 பேர். இதை 6ஆல் வகுப்பது வழக்கமான சறுக்கல். 0 என்பதும் ஒரு வயதுதான், ஆக ஏழு வயதுக் குழந்தைகள். 7ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 26,000 குழந்தைகள். அதை 18.70 லட்சத்துக்குப் பகிர்ந்தால் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 14. இடையில் இறந்த குழந்தைகளைச் சேர்த்தால் சற்றே கூடும், அவ்வளவுதான். தமிழ்நாட்டின் இறப்பு வீதம் அந்தக் காலத்தில் ஆயிரத்துக்கு 7 அளவில் இருந்தது. அதை இங்கும் வைத்தால் இடைவெளி 7, பத்தாண்டில் சுமார் 7 சதவீதம். வந்ததோ 11.6.

மிச்சம் பிறப்பிலிருந்து வரவில்லை. ஆட்கள் போவதும் வருவதும்தான் அதை விளக்கும். வளைகுடாவில் வேலை பார்ப்பவர் கணக்கெடுப்பு நாளில் இங்கே எண்ணப்படுவதில்லை. திரும்பி வந்துவிட்டால் எண்ணப்படுகிறார். கேரளத்துக்கும் சென்னைக்கும் போகிறவர்கள் கதையும் இதுதான். ஐந்து நிலைப் படத்தில் இடப்பெயர்வுக்கு இடமே கிடையாது. அது பிறப்பு, இறப்பு இரண்டை மட்டும் அறியும். ஆகவே ஒரு மாவட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல மொத்த வளர்ச்சியைத் தொடாதீர்கள். சின்னக் குழந்தைகளின் எண்ணிக்கையை எடுத்து மேலே செய்ததைப் போல வகுத்துப் பாருங்கள்.

வீதம் குறைந்தால் சுமை குறையும் என்பது

இனி அந்த 'ஆகவே'. 1901 முதல் 1911 வரை இப்பகுதி 17.5 சதவீதம் வளர்ந்தது. கூடியவர்கள் 63,000 பேர். 2001 முதல் 2011 வரை வளர்ச்சி 11.6 சதவீதம்தான். கூடியவர்களோ 1,94,000 பேர். வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, வந்து சேர்ந்த ஆட்கள் மூன்று மடங்கு. சிறிய தொகையின் பெரிய சதவீதத்தைவிடப் பெரிய தொகையின் சிறிய சதவீதம் கனமானது. நிலத்துக்கும் கிணற்றுக்கும் சதவீதம் தெரியாது, தலைக்கணக்குத்தான் தெரியும்.

பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிந்தபோது இங்கே இருந்தவர்கள் சுமார் நான்கு லட்சம். பெருஞ்சாணி 1953இல் வந்தபோது எட்டு லட்சத்துக்குச் சற்று மேல். பின்னர் சிற்றாறு அணைகள் சேர்ந்தன. இன்று அந்தக் கால்வாய்களை நம்பியிருக்கும் மாவட்டத்தில் 1906இன் நான்கு மடங்குக்கும் மேல் ஆட்கள்.

நிலக் கணக்கில் இன்னொரு பிசகு ஒளிந்திருக்கிறது. 2011இல் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம். ஆனால் மாவட்டத்தில் பத்தில் மூன்று பங்கு காடு. அங்கே யாரும் வீடு கட்டப் போவதில்லை. மிச்சம் ஏழு பங்கில்தான் எல்லோரும் இருக்கிறார்கள் என்று வைத்து 1,111ஐ 0.7ஆல் வகுத்தால் சுமார் 1,590. அந்த ஏழு பங்குக்குள்தான் குளம், ஆறு, ரப்பர், தென்னை எல்லாம்.

வீடு என்பது தலைக்கு ஒன்று அல்ல, குடும்பத்துக்கு ஒன்று. இதைத்தான் மாணவர்கள் தவறவிடுகிறார்கள். ஒரு கூரையின் கீழ் எட்டுப் பேர் இருந்த இடத்தில் இன்று பெற்றோர் ஒரு வீடு, இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வீடு. எட்டுப் பேருக்கு ஒன்று என்பது நான்கு பேருக்கு ஒன்று ஆனால், ஒருவர்கூடப் புதிதாகப் பிறக்காமலே வீடுகள் இரட்டிக்கின்றன. குடும்பம் சிறுப்பது மூன்றாம், நான்காம் நிலைகளின் அடையாளம். அப்படியென்றால் பிறப்பு குறையும் அதே காலத்தில்தான் மனைக்கான தேடல் கூடுகிறது. ஏலாவில், அதாவது வயல்வெளியில், மண் கொட்டி பிளாட் போடும் வேகத்தை இங்கே வைத்துப் பாருங்கள், புரியும்.

உணவில் பிழை வேறு விதம். நாஞ்சில் நாட்டு வயல் குறைந்தும் யாரும் பட்டினி கிடக்கவில்லையே, அப்படியானால் அழுத்தம் இல்லை என்கிறார்கள். கணக்குப் போடுவோம். ஆளுக்கு ஆண்டுக்கு 100 கிலோ அரிசி என்றால் 18.70 லட்சம் பேருக்கு 1.87 லட்சம் டன். ஹெக்டேருக்கு ஒரு பூவில், அதாவது ஒரு போகத்தில், சுமார் மூன்று டன் அரிசி, கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டும் சேர்த்து ஆறு டன் என்று தாராளமாக வைத்தாலும் 31,000 ஹெக்டேர் வயல் தேவை. மிஞ்சியிருக்கும் வயல் இதில் ஒரு சிறு பங்குதான். அழுத்தம் மறையவில்லை. ரேஷன் கடை வழியாகவும் லாரி வழியாகவும் வெளியூர் வயல்களின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. படத்தின் எல்லைக்குள் பார்த்தால் இது கண்ணில் படாது.

தண்ணீரில் எல்லாம் கூடி நிற்கின்றன. ஏலா என்பது வயல்கள் மட்டுமல்ல, குளத்திலிருந்து மடை வழியாக ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் இறங்கும் ஒரு தொடர். நடுவில் பத்து சென்டை மேடாக்கினால் அந்த இடத்தில் நெல் போவதோடு நிற்காது. கீழே இருப்பவருக்கு வாய்க்கால் அடைபடும், அவர் தென்னையோ வாழையோ வைப்பார், கொஞ்ச காலத்தில் அவரும் விற்பார். வயலில் மாதக்கணக்கில் தேங்கி நின்று ஊறிய தண்ணீர் இல்லாமல் போவதால் பக்கத்துக் கிணறு கோடையில் முன்கூட்டியே வற்றும். இது நடக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரே கிணற்றின் நீர்மட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் கும்பப்பூ அறுப்பு முடிந்த வாரத்தில் கயிறு விட்டு அளந்து எழுதி வையுங்கள். அந்தந்த ஆண்டின் மழையையும் பக்கத்திலேயே குறியுங்கள். மழை ஒத்திருந்தும் கயிறு ஆண்டுக்கு ஆண்டு நீண்டால், மேலே ஏலாவில் எதையோ நிரப்பியிருக்கிறார்கள், அல்லது ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்கள்.

அந்த மாணவியைப் படத்தை மறுபடி வரையச் சொன்னேன். இம்முறை வலப்பக்கம் ஓர் அச்சு சேர்த்து, மொத்தத் தொகைக்கு மூன்றாவது கோடு போட்டாள். வீதங்களை அளக்கும் இடப்பக்க அச்சிலேயே அதையும் வரைந்தால் அர்த்தமற்றதாகிவிடும், ஒன்று ஆயிரத்துக்கு இத்தனை, மற்றது லட்சம். புதிய கோடு முதல் நிலையில் தரையோடு கிடந்தது, இரண்டிலும் மூன்றிலும் செங்குத்தாக ஏறியது, நான்காம் நிலையில் படத்தின் உச்சியில் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. தன் பழைய புள்ளிக்கு நேர் மேலே அந்தக் கோட்டில் இன்னொரு புள்ளி வைத்து, "18.70 லட்சம், 2011" என்று எழுதினாள். 'ஆகவே' இருந்த இடத்தை அழித்துவிட்டாள்.