அடுக்குமாடிச் சங்கத்துக்கு வருடாந்திர பட்ஜெட் போடுவது எப்படி: 24 வீட்டுக் கணக்கு

மேடவாக்கம் பக்கம் 24 வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்பில் நான் பொருளாளர் பொறுப்பை எடுத்து ஐந்து வருடம் ஆகிறது. தரைத்தளமும் நான்கு மாடியும், ஒரு லிஃப்ட், ஒரு போர்வெல். இரண்டாவது வருட முடிவில் வெளிச்சுவர் பெயின்ட் அடிக்க வேண்டி வந்தது. கையில் பணம் போதவில்லை. ஒவ்வொரு வீட்டிடமும் 16,667 ரூபாய் தனியாக வசூலித்தோம். முதல் மாடியில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ரசீதை வாங்கிக்கொண்டு, "தம்பி, ரெண்டு வருஷமும் பொதுக்குழுவில நீங்கதானே மிச்சம் இருக்குன்னு படிச்சீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடித்து, பட்ஜெட் போடும் முறையையே மாற்றினேன். இப்போது நாங்கள் செய்வதுதான் கீழே இருப்பது.

சங்கப் பதிவு, வங்கிக் கணக்கு, போன மூன்று வருட வரவு செலவுப் பதிவு எல்லாம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். கருவி என்றால் எனக்கு கூகுள் ஷீட்ஸ் போதும். பணம் கொடுத்து வாங்கும் குடியிருப்பு மேலாண்மை ஆப்கள் ரசீது போட நன்றாக இருக்கும். பட்ஜெட்டுக்கு அவை வேண்டாம் என்பது என் கருத்து. கணக்கு எப்படி வந்தது என்று பொதுக்குழுவில் யாராவது கேட்டால், கட்டத்தைத் திறந்து காட்ட முடிய வேண்டும்.

படி 1: செலவில் இருந்து தொடங்குங்கள்

மெயின்டெனன்ஸ் தொகையை முதலில் வைத்துக்கொண்டு அதற்குள் செலவை அடக்கப் பார்க்காதீர்கள். செலவு முதலில், சதுர அடிக் கட்டணம் கடைசியில்.

எங்கள் நிலையான செலவு இது. ஏஜென்சி வழியாக இரண்டு செக்யூரிட்டி, பகல் ஒருவர் இரவு ஒருவர், மாதம் 32,000. துப்புரவு செய்யும் அக்காவுக்கு 9,000. தீபாவளிக்கு அவருக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். பொது மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுமார் 14,000. லிஃப்ட் ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், 45,000. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 53,100. பலர் கொட்டேஷனில் இருக்கும் தொகையை அப்படியே எழுதிவிட்டு வரியை விட்டுவிடுகிறார்கள். ஜெனரேட்டருக்கு மாதம் 2,000, பிளம்பர், எலக்ட்ரீஷியன், பல்பு வகைக்கு மாதம் 3,000. வருடத்துக்கு இருமுறை தொட்டி கழுவ மொத்தம் 9,000, கட்டட இன்சூரன்ஸ் 18,000, ஆடிட்டும் சில்லறையும் 10,000.

மின்சாரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் அடுக்குமாடிகளின் பொது இணைப்புக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனிக் கட்டணம் வந்தது. வீட்டு இணைப்புக்கு உள்ள இலவச யூனிட் இதில் கிடையாது. அதன் பிறகு ஜூலை மாதத்தில் கட்டணம் திருத்தப்படுவது வழக்கமாகிவிட்டது. அதனால் போன வருட பில்லின் ரூபாயை எடுக்காதீர்கள். யூனிட்டை எடுத்து இன்றைய கட்டணத்தால் பெருக்குங்கள். லிஃப்ட் இல்லாமல், மூன்று மாடிக்குள், பத்து வீட்டுக்குள் இருக்கும் சிறிய குடியிருப்புகளுக்கு 2023 அக்டோபரில் கட்டணக் குறைப்பை அறிவித்தார்கள். உங்களுடையது அப்படிப்பட்டது என்றால் பில்லில் அது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் தண்ணீர். எங்கள் போர்வெல்லில் ஏப்ரலில் தண்ணீர் குறையத் தொடங்கும், ஜூனில் முழுசாக நிற்கும். 24 வீட்டில் 72 பேர். ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் எடுத்துக்கொள்ளும் அளவு. 72 பேருக்கு 9,720 லிட்டர். சிந்துவது, தோட்டம் எல்லாம் சேர்த்தால் 12,000 லிட்டர் லாரி நாளுக்கு ஒன்று. ஏப்ரலில் 10, மே மாதம் 28, ஜூனில் 30, ஜூலையில் 12 என்று 80 லாரி. ஒன்று 1,800 ரூபாய் என்றால் 1,44,000.

எல்லாம் கூட்டினால் நிலையான செலவு 8,79,100.

படி 2: கார்பஸ். என்னைத் தடுக்கி விட்டது இதுதான்

கார்பஸ் என்றால் சில வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய வேலைகளுக்காகச் சேர்த்து வைக்கும் பணம். பெயின்ட் ஆறு வருடத்துக்கு ஒருமுறை, செலவு 6,00,000. ஆகவே வருடத்துக்கு 1,00,000 ஒதுக்கினால் போதும் என்றுதான் முதல் பட்ஜெட்டில் எழுதினேன். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் பொறுப்புக்கு வந்தபோது கடைசிப் பெயின்ட் அடித்து நான்கு வருடம் முடிந்திருந்தது, அதற்கென்று ஒரு ரூபாயும் சேர்த்து வைக்கவில்லை. மீதி இருந்தது இரண்டே வருடம். அந்த இரண்டு வருடத்தில் 2,00,000 சேர்ந்தது. பாக்கி 4,00,000, அதை 24 வீட்டுக்குப் பிரித்தால் 16,667.

வகுக்க வேண்டியது மொத்த ஆயுளால் அல்ல, மீதி இருக்கும் வருடத்தால். அதுவும் ஏற்கெனவே கையில் உள்ளதைக் கழித்த பிறகு. ஷீட்டில் B-யில் இன்றைய கொட்டேஷன், C-யில் அதற்கென்று சேர்ந்திருக்கும் பணம், D-யில் மீதி வருடம்:

```
=(B2-C2)/D2
```

இந்த வருட நிலவரத்தைப் பாருங்கள். பெயின்ட் அடித்து மூன்று வருடம் ஆகிவிட்டது, மூன்று வருடம் மீதி. கையில் 3,00,000. புதிதாக வாங்கிய கொட்டேஷன் 7,20,000. ஆக வருடத்துக்கு 1,40,000. பழைய முறையில் 1,00,000 என்றே போட்டிருந்தால் மறுபடியும் வீடு வீடாகப் போய் நிற்க வேண்டியதுதான். ஒவ்வொரு பிப்ரவரியிலும் புது கொட்டேஷன் வாங்கி B-யை மாற்றிவிடுகிறேன். விலை ஏற்றத்துக்கு என்று தனியாகச் சதவீதம் போட வேண்டியதில்லை, அது தானாக உள்ளே வந்துவிடும்.

இதே போல இன்னும் மூன்று. போர்வெல் மோட்டார் 60,000, கையில் 20,000, இரண்டு வருடம்: 20,000. மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங் 2,40,000, கையில் 60,000, ஆறு வருடம்: 30,000. லிஃப்ட் ரோப் 1,00,000, கையில் 40,000, நான்கு வருடம்: 15,000. மொத்தம் 2,05,000.

இந்தப் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், முடிந்தால் வைப்பு நிதியில். ஒரே கணக்கில் கிடந்தால் அது மிச்சம் போலத் தெரியும். நான் பொதுக்குழுவில் படித்த "மிச்சம்" உண்மையில் பெயின்டுக்கான பணம்தான்.

படி 3: எதிர்பார்த்த திடீர்ச் செலவு

எது உடையும் என்று தெரியாது, ஏதோ ஒன்று உடையும் என்று தெரியும். மூன்று வருடப் பதிவை எடுத்து, திட்டமிடாமல் வந்த செலவை மட்டும் ஒரு நிறத்தில் குறியுங்கள். எங்களுக்கு 38,000, 71,000, 44,000 வந்தது. 71,000 வந்த வருடத்தில் மின்னழுத்தம் ஏறி லிஃப்ட் போர்டு போனது, சம்ப் மோட்டார் காயில் எரிந்தது. சராசரி 51,000, அதைத்தான் பட்ஜெட்டில் போட்டேன். ஒரு வருடம் மிஞ்சினால் கரைத்துவிடாமல் 71,000 வரும் வரை அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போகிறோம்.

எதை இதில் எழுதலாம் என்பதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறோம். தேய்ந்து போகும் என்று முன்கூட்டியே தெரிந்த பொருள் படி 2-க்குப் போக வேண்டும். 10,000 வரை செயலாளரும் பொருளாளரும் முடிவு செய்யலாம், அதற்கு மேல் கமிட்டி.

படி 4: வருமானமும் கட்டணமும்

தேவை: 8,79,100 + 2,05,000 + 51,000 = 11,35,100.

எங்கள் மொத்தப் பரப்பு 26,400 சதுர அடி. நேரடியாக வகுத்தால் மாதம் சதுர அடிக்கு 3.58 வரும். ஆனால் 100 சதவீத வசூல் எந்த வருடமும் நடந்ததில்லை. எங்கள் பதிவில் மார்ச் 31-க்குள் வந்து சேர்வது 95 சதவீதம். 3.58-ஐ 0.95-ஆல் வகுத்தால் 3.77. கமிட்டியில் 3.75 என்று முடிவானது. 95 சதவீதத்தில் அது 11,28,600 தரும். குறையும் 6,500-ஐ கார்பஸ் வைப்பு நிதியின் வட்டி நிரப்பும். போன வருடக் கட்டணம் 3.40. ஆக 1,100 சதுர அடி வீட்டுக்கு 3,740-இல் இருந்து 4,125 ஆகிறது.

பழைய பாக்கியை வருமானத்தில் சேர்க்காதீர்கள். வந்தால் கார்பஸுக்குப் போகட்டும். வீடு மாற்றும் கட்டணம், மொட்டைமாடி விசேஷக் கட்டணம் போன்றவற்றையும் நான் சேர்ப்பதில்லை.

ஜிஎஸ்டி பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவே தேவையில்லை. அதைத் தாண்டினாலும், ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 வரையிலான மெயின்டெனன்ஸுக்கு விலக்கு உண்டு. எங்களுக்கு இரண்டுமே எல்லைக்குள் இருக்கிறது.

படி 5: மாத வாரியாக ஓட்டிப் பாருங்கள்

வருடக் கூட்டல் சரியாக வந்தாலும் ஜூனில் பணம் தீர்ந்து போகலாம். ஏப்ரல் முதல் மார்ச் வரை 12 பத்தி போட்டு, எந்தச் செலவு எந்த மாதம் கையை விட்டுப் போகிறது என்று எழுதுங்கள்.

மாத வரவு 94,050. ஏப்ரல் செலவு 78,000. மே மாதம் தண்ணீரால் 96,400. ஜூனில் 30 லாரி, மின் பில், லிஃப்ட் ஏஎம்சி மூன்றும் சேர்ந்து 1,67,100. வருடத்தைப் பூஜ்யத்தில் தொடங்கினால் ஜூன் கடைசியில் 59,350 பற்றாக்குறை. கார்பஸுக்கு இன்னும் ஒரு ரூபாயும் அனுப்பவில்லை, எதுவும் உடையவும் இல்லை என்ற நிலையிலேயே இப்படி.

லிஃப்ட் கம்பெனியிடம் பேசி ஏஎம்சி புதுப்பிப்பை அக்டோபருக்கு மாற்றிக் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். பற்றாக்குறை 6,250-ஆகக் குறைந்தது. கார்பஸுக்கு அனுப்புவதையும் அக்டோபரில் தொடங்கி ஆறு மாதத்தில் முடிக்கிறோம். நடப்புக் கணக்கில் 60,000 மீதி வைத்து ஏப்ரலைத் தொடங்குவது எங்கள் விதி.

பிற்சேர்க்கை: இந்தப் பதிவுக்கு வந்த கேள்விகள்

பூட்டிக் கிடக்கும் வீட்டின் உரிமையாளர் பாதிதான் தருவேன் என்கிறார் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எங்களிடமும் ஒருவர் கேட்டார். அவர் இல்லாததால் எந்தச் செலவு குறைகிறது என்று ஷீட்டில் காட்டச் சொன்னேன். செக்யூரிட்டி, லிஃப்ட், பெயின்ட் எதுவும் குறையவில்லை, தண்ணீர் லாரி மட்டும் குறைந்தது. அடுத்த வருடம் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைத்து, லாரிச் செலவை மட்டும் பட்ஜெட்டில் இருந்து பிரித்துத் தனி பில்லாகப் போடலாம் என்று கமிட்டியில் பேசி வருகிறோம். வைத்த பிறகு அந்தக் கணக்கையும் எழுதுகிறேன்.

இன்னொருவர், பில்டர் ஒப்படைத்த கார்பஸ் 5 லட்சம் இருக்கிறது, அதை C பத்தியில் எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தார். சமமாகப் பிரிக்காதீர்கள். D-யில் குறைந்த வருடம் உள்ள வேலையை முதலில் நிரப்புங்கள், மிச்சம் அடுத்ததுக்குப் போகட்டும். இரண்டு வருடத்தில் வரும் மோட்டாருக்குப் பணம் இல்லாமல், ஆறு வருடம் கழித்து வரும் மொட்டைமாடி வேலைக்குப் பாதி சேர்ந்திருப்பதில் பயன் இல்லை.