சம்பளக்காரரும் கடைக்காரரும் வரியை ஒப்பிடும்போது எங்கே தப்பு செய்கிறார்கள்?

ஒரே காம்பவுண்டில் இரண்டு வீடு. முன் வீட்டில் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர், தெருவில் எல்லோருக்கும் அவர் ‘சார்’. பின் வீட்டில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. 2025-26 கணக்கு முடிந்ததும் ஒருநாள் சாயங்காலம் பேச்சு வரிப் பக்கம் திரும்பியது.

“என்ன அண்ணாச்சி, ஒரு கோடிக்கு மேல வியாபாரம் பண்றீங்க. உங்களுக்கு வருமான வரி சைபர். எனக்கு மாசாமாசம் 8,125 ரூபாய் பிடிக்கிறாங்க.”

சாரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் தன் சம்பளத்தை அண்ணாச்சியின் விற்றுமுதலோடு ஒப்பிடுகிறார், முதல் தப்பே அதுதான். அண்ணாச்சிக்கு வருஷத்துக்கு விற்பனை 1 கோடியே 10 லட்சம். அதில் சரக்குக்குப் போனது 92 லட்சம். வாடகை, கடைப் பையன் சம்பளம், கரண்ட் எல்லாம் சேர்த்து 7,90,000. ஜிஎஸ்டியாகக் கட்டியது 1,10,000. கையில் நின்றது 9 லட்சம். சாரின் வருஷச் சம்பளம் 15 லட்சத்தோடு வைத்துப் பார்க்க வேண்டியது இந்த 9 லட்சத்தைத்தான். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் இருந்தால் தள்ளுபடி போக வரி இல்லை என்பதால் அவருக்கு சைபர். சாருக்கு நிலைக் கழிவு 75,000 போக 14,25,000. அதற்கு வரி 93,750, அதன் மேல் 4 சதவீதம் செஸ், ஆக 97,500.

அந்த 1,10,000 ஜிஎஸ்டியைத்தான் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. “அது வாடிக்கையாளர்கிட்ட வாங்கிக் கட்டுறதுதானே” என்றார் சார். சாதாரண ஜிஎஸ்டியில் அது சரி. அண்ணாச்சி இருப்பது சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில். பில்லில் வரி என்று ஒரு பைசா தனியாகப் போடக்கூடாது. விற்பனையில் 1 சதவீதத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த மாதம் 18-ம் தேதிக்குள் அவரே கட்ட வேண்டும். சரக்கு வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் இந்த 1 சதவீதம் உண்டு. விலை வைக்கும்போதே அவர் இதையும் சேர்த்துத்தான் வைப்பார், அதனால் முழுச் சுமையும் அவருடையது என்று சொல்ல மாட்டேன். எதிர்க் கடையில் விலை குறைவாக இருந்தால் மட்டும் அது அவர் லாபத்திலிருந்துதான் போகும்.

சார் பக்கத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. வங்கி டெபாசிட்டில் அவருக்கு 60,000 ரூபாய் வட்டி. வங்கி 10 சதவீதம், அதாவது 6,000 பிடித்துவிட்டது. “அதுக்குத்தான் டிடிஎஸ் போயிடுச்சே” என்றார். டிடிஎஸ் என்பது முன்பணம் மாதிரி, அதோடு வரி முடிவதில்லை. அவர் வருமானம் போய் நிற்கும் படியில் வரி 15 சதவீதம், செஸ்ஸோடு அந்த வட்டிக்கு 9,360. பாக்கி 3,360. இந்த வட்டி, வருமான வரித் துறையின் வருடாந்தரத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்ஸில் தெரியும். ரிட்டர்னில் விட்டுவிட்டால் பின்னால் கேள்வி வரும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். சாருக்கு 97,500, வட்டிக்கு 9,360, தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 வீதம் 2,500. மொத்தம் 1,09,360. அண்ணாச்சிக்கு ஜிஎஸ்டி 1,10,000, தொழில் வரி 2,500. மொத்தம் 1,12,500. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் அண்ணாச்சி தன் நோட்டைக் காட்டினார். விற்பனையின் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்ட விடும் 44ஏடி பிரிவில் போடுவதற்காக 1,10,00,000-க்கு 6 சதவீதம் என்று 6,60,000 எழுதி வைத்திருந்தார். கடைக்காரர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு இது. 6 சதவீதம் என்பது யுபிஐ, காசோலை என்று வங்கி வழியாக வந்த பணத்துக்கு மட்டும். ரொக்கத்துக்கு 8 சதவீதம். அவருக்கு வங்கி வழியாக 70 லட்சம், ரொக்கமாக 40 லட்சம். 4,20,000-மும் 3,20,000-மும் சேர்த்தால் 7,40,000. அதுவும் குறைந்தபட்சக் கணக்குதான். உண்மை லாபம் 9 லட்சம் என்று அவருக்கே தெரிந்திருக்கும்போது 9 லட்சம்தான் காட்ட வேண்டும்.

“எதைப் போட்டாலும் வரி சைபர்தானே?”

இந்த வருஷம் சைபர்தான். ஆனால் குடோனுக்குக் கடன் கேட்டு அவர் வங்கிக்குப் போனால் ரிட்டர்னில் உள்ள வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே 6,60,000 என்று இருந்தால் கிடைக்கும் கடனும் அதற்கேற்பத்தான். அண்ணாச்சி பழைய எண்ணை அடித்துவிட்டு 9,00,000 என்று எழுதினார். சார் போனை எடுத்து 3,360-க்குச் சலான் போட உட்கார்ந்தார்.