சுவரோடு சமமாகப் பதிந்த சுவிட்ச் பெட்டி

புதிதாக ஒரு சுவிட்சுக்காக, ஏற்கெனவே பூசிய செங்கல் சுவரில் குழாய் பதித்தேன். குழாய் 20 மி.மீ. அதன்மேல் 12 மி.மீ. கலவையாவது நிற்க வேண்டும். குறைந்தால் குழாயின் நீளத்துக்கே விரிசல் ஓடும். ஆகவே குழாய்க்காகச் சுவரில் வெட்டும் காடியின் ஆழம் 32 மி.மீ. அரைச்செங்கல் சுவரில் இதற்கு மேல் தோண்டக்கூடாது. கிடைமட்டமாக வெட்டவும் கூடாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காடியின் இரண்டு ஓரங்களையும் கிரைண்டரால் கீறி, நடுவை உளியால் எடுத்தேன். (தூசி வீடு முழுவதும் பரவியது, அது வேறு கதை.)

பெட்டியைச் சமமாக நிறுத்துவதுதான் உண்மையான வேலை. வெளியே துருத்தினால் சுவிட்ச் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி தெரியும். அதிகம் உள்ளே போனால் திருகு எட்டாது. இறுக்கினால் தகடு வளையும். கண்ணளவை நான் நம்புவதில்லை. பெட்டியைவிட நீளமான, நேரான இரண்டு மரப்பட்டிகளை அதன் முகத்தில் குறுக்காக வைத்து, தகட்டுத் திருகுத் துளைகளிலேயே முடுக்கினேன். பட்டிகளின் நுனிகள் இருபுறமும் பூச்சின்மேல் உட்கார்ந்ததால் பெட்டி உள்ளே போக வழியில்லை. ரசமட்டம் பார்த்து, கலவை புகாதபடி பெட்டிக்குள் காகிதத்தைத் திணித்தேன்.

குழியைத் துடைத்து நன்றாக நனைத்தபின், பெட்டியின் பின்புறமும் பக்கங்களும் நிறையக் கலவையை அழுத்தினேன். உலர்ந்த செங்கல் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் கலவை பிடிக்காது, பெட்டி ஆடும். மறுநாள்தான் பட்டிகளைக் கழற்றினேன். மட்டக்கோலை முகத்தில் வைத்தபோது வெளிச்சம் எங்கும் கசியவில்லை.